24 பிள்ளைகள், 18,000 வெள்ளி: வாசிப்பு வகுப்பில் எதை அளப்பது?

"தொடக்கநிலை 2 முதல் 4 வரை படிக்கும் 24 பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், ஆறு தொண்டூழியர்கள். உள்ளூர் அறநிதி ஒன்று ஓராண்டுக்கு 18,000 வெள்ளி தர முன்வந்திருக்கிறது. லாஜிக் மாடலும் மதிப்பீட்டுத் திட்டமும் கேட்கிறார்கள். எப்படி எழுதுவது, எதை அளந்து காட்டுவது?"

லாஜிக் மாடல் என்பது, திட்டத்துக்குள் என்ன போடுகிறோம், அதிலிருந்து என்ன வரும் என்பதைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் படம். அதன் பெட்டிகளை நிரப்புவது அரை மணி நேர வேலை. உள்ளீடு என்ற பெட்டியில் பணம், இடம், தொண்டூழியர்கள், புத்தகங்கள். செயல்பாடு என்ற பெட்டியில் வகுப்புகள். வெளியீட்டில் எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளை. பிறகு குறுகியகால விளைவு, நீண்டகால விளைவு. இவ்வளவையும் யாரும் எழுதிவிடலாம். பெட்டிகளுக்கு நடுவே போடும் அம்புக்குறிகளில்தான் யோசிக்க வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு அம்புக்குறியும் "இது நடந்தால் அது நடக்கும், ஏனென்றால்..." என்று தொடங்கும் ஒரு வாக்கியம். அந்த "ஏனென்றால்" எழுத வராத இடத்தில் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். மதிப்பீட்டுத் திட்டம் என்பது அந்த வாக்கியங்களில் எவை உண்மையிலேயே நடந்தன என்று பார்ப்பதற்கான ஏற்பாடு. இரண்டையும் தனித்தனி ஆவணமாக நினைக்காமல் ஒன்றாக எழுதினால் வேலை பாதியாகும்.

இதுபோன்ற வகுப்புகளில் பெரும்பாலும் பலவீனமாக இருக்கும் அம்புக்குறி ஒன்றுதான்: "பிள்ளைகள் வகுப்புக்கு வந்தால் வாசிப்பு வளரும்." ஏன் வளரும்? பிள்ளை தன் கண்ணால் எழுத்தைப் பார்த்து, தன் வாயால் படித்து, தவறும்போது ஒருவர் உடனே திருத்துவதால் வளரும். அப்படியானால் ஒரு பிள்ளை ஒரு வகுப்பில் எத்தனை நிமிடம் அதைச் செய்கிறது என்று முதலில் எண்ண வேண்டும். உங்கள் வகுப்பையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 90 நிமிடத்தில் வந்து உட்கார்ந்து, பலகாரம் சாப்பிட்டு, வருகை எடுப்பதற்குள் 15 நிமிடம் போய்விடும். பயிற்சித்தாள் 30 நிமிடம், தொண்டூழியர் கதை சொல்வது 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மீதி 25 நிமிடம் நான்கு பேர் கொண்ட குழுவில் வாய்விட்டு வாசிப்பது. நான்கு பேர் முறை வைத்துப் படித்தால் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 6 நிமிடம்.

இதை ஆண்டுக் கணக்குக்குக் கொண்டுபோனால் நிலைமை தெளிவாகத் தெரியும். பள்ளித் தவணை 1இன் நான்காம் வாரத்தில் தொடங்கி, தவணை 4இன் மூன்றாம் வாரத்தில் முடித்தால் 30 வாரம், 60 வகுப்பு. பொது விடுமுறைகளுக்கு நான்கைக் கழித்தால் 56. வருகை 75 விழுக்காடு என்றால் ஒரு பிள்ளை 42 வகுப்புக்கு வரும். அதாவது 63 மணி நேரம் உங்கள் அறையில் இருக்கும் பிள்ளை, தானாக வாய்விட்டுப் படித்தது 252 நிமிடம், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். நான்கு மணி நேர வாசிப்பிலிருந்து ஓராண்டு வளர்ச்சியை எதிர்பார்க்கிறோம். விளைவு வரவில்லை என்றால் பிள்ளைகளையோ தொண்டூழியர்களையோ குறை சொல்ல ஒன்றுமில்லை, மருந்தின் அளவு போதவில்லை.

இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. பயிற்சித்தாளைப் பத்து நிமிடமாகக் குறைத்து, அந்த இருபது நிமிடத்தையும் வாசிப்புக்குக் கொடுங்கள். நான்கு பேர் குழுவை இரண்டு இணைகளாகப் பிரித்து, ஒரு பிள்ளை படிக்க மற்றது விரல் வைத்துப் பின்தொடரட்டும். தொண்டூழியர் இரண்டு இணைகளுக்கும் நடுவில் உட்கார வேண்டும். அந்த 45 நிமிடத்தில் புத்தகம் மாற்றுவது, கேள்வி கேட்பது எல்லாம் போனாலும் ஒருவருக்கு 15 நிமிடம் தேறும். அதே 42 வகுப்பில் அது பத்தரை மணி நேரமாகிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் உண்டு: தொண்டூழியர் ஓர் இணையைக் கேட்கும்போது மற்ற இணையின் தவறுகள் திருத்தப்படாமல் போகும். ஆகவே இணைசேர்க்கும்போது இரண்டு பேரும் தடுமாறுகிறவர்களாக இருக்கக் கூடாது. ஒருவராவது அந்தப் புத்தகத்தைப் படிக்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

லாஜிக் மாடலின் வெளியீட்டுப் பெட்டியில் "56 வகுப்புகள் நடத்தப்படும்" என்பதோடு நிறுத்தாமல் "ஒரு பிள்ளை ஒரு வகுப்பில் குறைந்தது 12 நிமிடம் வாய்விட்டுப் படிக்கும்" என்று எழுதுங்கள். அளப்பது எளிது. மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாத ஒரு நாளில், ஒருங்கிணைப்பாளர் ஒரு குழுவின் அருகில் கைப்பேசிக் கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்து, அது படிக்கத் தொடங்கும்போது ஓடவிட்டு, நிறுத்தும்போது நிறுத்த வேண்டும். எல்லாரையும் ஒரே நாளில் கவனிக்க முயன்றால் எண் பொய்யாகிவிடும். எட்டு மாதத்தில் எட்டுப் பார்வை, குழுக்களை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் வேறு பிள்ளை. தவணை 1 முடிவில் பார்த்தவற்றின் சராசரி 10 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் வகுப்பின் நேர அமைப்பை மாற்றுவோம் என்று திட்டத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள். அறநிதிக்காரர்கள் படிக்க விரும்புவது இப்படிப்பட்ட வரியைத்தான்: எண் என்ன சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது அதில் இருக்கிறது.

அடுத்து விளைவு. பள்ளி மதிப்பெண்ணை விளைவாக எழுத வேண்டாம். சிங்கப்பூரில் 2019 முதல் தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படும் தேர்வே கிடையாது. அரையாண்டுத் தேர்வும் 2023 முதல் எல்லாத் தொடக்க, உயர்நிலை வகுப்புகளிலும் இல்லை. மிச்சம் இருக்கும் ஆண்டிறுதித் தேர்வில் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனிக் கேள்வித்தாள் போடுகிறது, ஆகவே ஒரு பள்ளியின் 60ஐ இன்னொரு பள்ளியின் 60ஓடு சேர்த்துச் சராசரி எடுப்பதில் பொருளில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அடைவுநிலை உயரும் என்று வாக்குக் கொடுப்பது அதைவிட மோசம். உங்கள் தொடக்கநிலை 3 பிள்ளை அந்தத் தேர்வை எழுத இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அதற்குள் நடக்கும் எத்தனையோ விஷயங்களில் உங்கள் வகுப்பு ஒன்று. நீண்டகால விளைவு என்ற பெட்டியில் அதைக் குறிப்பிடலாம், ஆனால் அளப்பதாகச் சொல்லக் கூடாது.

அளக்கக்கூடிய விளைவு மூன்று: எழுத்தைக் கண்டு சொல்வது, ஒரு நிமிடத்தில் சரியாகப் படிப்பது, படித்ததைப் புரிந்துகொள்வது. மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் திட்டங்கள் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய கருத்து ஒன்று இன்றும் பயன்படுகிறது: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் அல்ல, பெருக்கல். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை "சந்தைக்குப் போனாள்" என்று பிழையில்லாமல் படித்துவிட்டு, சந்தை என்றால் என்ன என்று கேட்கும். அந்தப் பிள்ளைக்கு மேலும் மேலும் எழுத்துப் பயிற்சி கொடுத்தால் புரிதல் வராது.

ஆகவே தொடக்க அளவீட்டில் ஒரே தரமான இரண்டு சிறு பத்திகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிள்ளை படிக்கட்டும், மற்றதை நீங்கள் படித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் நான்கு நான்கு கேள்வி: இரண்டுக்கு விடை பத்தியிலேயே இருக்க வேண்டும், ஒன்று இரண்டு வரிகளைச் சேர்த்து யோசித்தால் கிடைக்க வேண்டும், ஒன்று ஒரு சொல்லின் பொருள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் சரி என்றே போடுங்கள். இங்கே அளப்பது புரிதலை, பேச்சுத் தமிழை அல்ல. காதால் கேட்டுப் புரிந்து, தானே படித்தால் புரியவில்லை என்றால் அது எழுத்துப் பிரச்சினை. உங்கள் வகுப்பு அதைத் தீர்க்கும். காதால் கேட்டும் புரியவில்லை என்றால் அது மொழிப் பிரச்சினை. அந்தப் பிள்ளைகளுக்குக் கதை கேட்பதும் பேசுவதும் அதிகமாக வேண்டும், வேறு அம்புக்குறி வேண்டும். 24 பேரில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டால், இரண்டு வகைக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்து ஆண்டைக் கழிக்காமல் தப்பிக்கலாம்.

ஒரு நிமிட வாசிப்பில் சொற்களை எண்ணாமல் எழுத்துகளை எண்ணுங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவு ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழில் ஒட்டுகள் சேர்ந்து சொல் நீள்வதால் அது ஏமாற்றும். "தம்பி பந்து வாங்கி வந்தான்" நான்கு சொல், 13 எழுத்து. "தம்பி புத்தகம் படித்துக்கொண்டிருந்தான்" மூன்றே சொல், ஆனால் 20 எழுத்து. கடைசிச் சொல்லில் மட்டும் 12. சொல்லை எண்ணினால் இரண்டாவது வாக்கியத்தைப் படித்த பிள்ளை பின்தங்கியதாகத் தெரியும். புள்ளி வைத்த எழுத்தையும் ஓர் எழுத்தாகவே எண்ணுங்கள். பத்தியை அச்சிடும்போது ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதுவரை வந்த எழுத்துகளின் கூட்டுத்தொகையை மதிப்பிடுபவரின் தாளில் மட்டும் போட்டுவைத்தால், நிமிடம் முடிந்ததும் எண்ணிக்கை கையில் இருக்கும்.

எழுத்து அறிதலுக்கு 247 எழுத்தையும் காட்டத் தேவையில்லை, 30 போதும். ஆனால் எந்த 30 என்பது முக்கியம். "க, ங, ச" என்று வரிசையாகக் கொடுத்தால் பிள்ளை பாட்டாகச் சொல்லிவிடும். கலைத்துப் போடுங்கள். கெ, கே, கொ, கோ போன்ற கொம்பு வைத்தவை. கு, டு, து, நு, பு போன்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் வரும் உகர எழுத்துகள். ல, ள, ழ. ன, ண, ந. ர, ற ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். தடுமாற்றம் இருப்பது அங்கேதான். சுலபமான எழுத்துகளையே கொடுத்தால் தொடக்கத்திலேயே 27 வாங்கிவிடுவார்கள், ஆண்டு முடிவில் உயர இடமிருக்காது.

மதிப்பெண் போடும் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள். மூன்று நொடி தயங்கி நின்றால் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்து, அதன் எழுத்துகளைக் கழித்துவிட வேண்டும். தானே திருத்திக்கொண்டால் சரி. திரும்பப் படித்தால் பிழையில்லை, நேரம்தான் போகும். முதல் வரியில் ஓர் எழுத்துகூட வரவில்லை என்றால் நிறுத்தி, பிள்ளையைச் சங்கடப்படுத்தாமல் எழுத்து அட்டைக்குப் போக வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பத்தியை முடித்துவிட்டால் எடுத்த நொடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 200 எழுத்துப் பத்தியில் 195 சரி, 50 நொடி என்றால் 195ஐ 60ஆல் பெருக்கி 50ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 234. "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று படிப்பதை என்ன செய்வது என்ற கேள்வி கட்டாயம் வரும். பேசும்போதும் அந்தப் பிள்ளைக்கு ளகரம் வராது என்றால் அது வாசிப்புப் பிழை அல்ல, உச்சரிப்பு. பிழையாகக் கழிக்காமல் தனிக் கட்டத்தில் குறியுங்கள். எப்படி முடிவு செய்தாலும் தொடக்கத்திலும் இறுதியிலும் அதே விதி இருக்க வேண்டும்.

பத்தியைப் பாடநூலிலிருந்து எடுக்காதீர்கள். மனப்பாடமான பத்தியைப் பிள்ளைகள் அழகாக ஒப்பிப்பார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: பிள்ளை சரளமாகப் படித்து முடித்ததும் நடுவில் ஒரு சொல்லை விரலால் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்துக்குப் போய் முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் நின்றால், அது படிப்பு அல்ல. ஆகவே புதிதாக இரண்டு பத்திகளை எழுதுங்கள், அ, ஆ என்று வையுங்கள். பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் அ, இறுதியில் ஆ, மறுபாதிக்குத் தலைகீழ். இரண்டில் ஒன்று சற்றுக் கடினமாக அமைந்துவிட்டாலும் அந்த வேறுபாடு இரு பக்கமும் சமமாகிவிடும். கேட்டுப் புரிந்துகொள்ளும் பத்திகளுக்கும் இதே ஏற்பாடு. பிரதம் என்ற கல்வி அமைப்பு 2005 முதல் இந்தியாவில் நடத்தும் ஏசர் ஆய்வில் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் தமிழ்க் கருவி இலவசமாகக் கிடைக்கிறது: எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி. குழு பிரிப்பதற்கு அது நன்று. ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற நெடுநாள் பிடிக்கும் என்பதால், ஓராண்டு வளர்ச்சியைக் காட்ட அது மட்டும் போதாது.

ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு நான்கு மணி நேரம், இருவர் சேர்ந்தால் இரண்டு வகுப்பு நாளில் முடிந்துவிடும். தவணை 1இன் மூன்றாம் வாரத்தில் முதல் சுற்று, தவணை 4இன் நான்காம் வாரத்தில் இறுதிச் சுற்று. நவம்பருக்குத் தள்ளாதீர்கள். ஆண்டிறுதித் தேர்வும் தீபாவளியும் வந்து வருகை குறைந்துவிடும், வராதவர்களின் எண் கையில் இருக்காது. சோதிப்பவர் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த தொண்டூழியராக இருக்கக் கூடாது. அன்பு மிகுதியால் வாயசைத்து உதவிவிடுவார்கள், அது இயல்பு. ஐந்து பிள்ளைகளின் வாசிப்பைப் பெற்றோர் ஒப்புதலோடு பதிவு செய்து இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள். ஒரே பிள்ளைக்கு இருவரும் போட்டது ஐந்து எழுத்துக்கு மேல் வேறுபட்டால் விதிகளை மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். தொகையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு, அதாவது 900 முதல் 1,800 வெள்ளி வரை, மதிப்பீட்டுக்கு ஒதுக்குவது வழக்கம். அதில் வெளியாள் ஒருவரைச் சோதிக்க அமர்த்திக்கொள்ளலாம்.

இனி, இந்த எண்களை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது. பிள்ளைகள் தொடக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை எழுத்து படித்தார்கள், முடிவில் எத்தனை என்பது உறுதியாகச் சொல்லக்கூடியது. எத்தனை வகுப்புக்கு வந்தார்கள், எத்தனை நிமிடம் படித்தார்கள் என்பதும் அப்படியே. அந்த வளர்ச்சி உங்களால்தான் வந்தது என்பது உறுதியில்லை. அதே மாதங்களில் பிள்ளை பள்ளியில் தமிழ்ப் பாடம் படித்திருக்கிறது, எட்டு மாதம் வயது கூடியிருக்கிறது, சிலர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புக்கோ தனியார் டியூஷனுக்கோ போயிருப்பார்கள். டியூஷன் உண்டா இல்லையா என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. மிகக் குறைவாகப் படித்தவர்களைப் பொறுக்கிச் சேர்த்தால், அவர்களில் சிலர் அன்று காய்ச்சலாலோ தூக்கக் கலக்கத்தாலோ குறைந்தவர்கள். அடுத்த முறை ஒன்றும் செய்யாமலே உயர்வார்கள். சேர்க்கைக்கு வைத்த சோதனையையே தொடக்க அளவாக எடுத்துக்கொள்ளாமல், சேர்ந்தபின் புதிதாக அளந்தால் இந்தப் பொய் உயர்வு பெரும்பாலும் நீங்கிவிடும்.

24 இடத்துக்கு 36 பேர் விண்ணப்பித்தால் இந்தச் சந்தேகத்தை ஓரளவு தீர்க்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. பெற்றோர்களிடம் முன்பே சொல்லிச் சீட்டுக் குலுக்குங்கள், உடன்பிறந்தவர்களுக்கு ஒரே சீட்டு. இடம் கிடைக்காத 12 பேருக்கு அடுத்த ஆண்டு முதல் இடம். அந்த 12 பேரையும் அதே இரண்டு சுற்றில் சோதியுங்கள். அவர்களின் வளர்ச்சி, உங்கள் வகுப்பு இல்லாமல் என்ன நடந்திருக்கும் என்பதைக் காட்டும். ஆனாலும் எண்ணிக்கை சிறியது என்பதை மறக்க வேண்டாம். பிள்ளைகளின் வளர்ச்சி சராசரியிலிருந்து சிதறும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 12 எழுத்து என்று வைத்துக்கொண்டால், 24 பேருக்கும் 12 பேருக்கும் இடையிலான சராசரி வேறுபாட்டில் எட்டு எழுத்து வரை தற்செயலாகவே வரலாம். ஐந்து எழுத்து வேறுபாடு கிடைத்தால் "பயன் இருப்பதுபோல் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல இந்த எண்ணிக்கை போதாது" என்று எழுத வேண்டும். பதினைந்து கிடைத்தால் தைரியமாகவே சொல்லலாம். குலுக்கலுக்குப் போதிய விண்ணப்பம் இல்லையென்றால், ஒப்பீட்டுக் குழு ஒன்றை வலிந்து உருவாக்காதீர்கள். வகுப்புக்கு வர விரும்பாத குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது ஒப்பிடாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

நடுவில் விலகுபவர்கள் அறிக்கையில் சத்தமில்லாமல் பிழையை நுழைப்பார்கள். 24 பேர் தொடங்கி 19 பேர் நின்றதாக வைத்துக்கொள்வோம். நின்றவர்களின் தொடக்கச் சராசரி 34 எழுத்து, விலகிய ஐவரின் சராசரி 22. எல்லாரையும் சேர்த்தால் 31.5. இறுதியில் 19 பேரின் சராசரி 52. "31.5இலிருந்து 52" என்று எழுதினால் வளர்ச்சி 20.5, உண்மையில் அதே 19 பேர் வளர்ந்தது 18. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் இரண்டரை எழுத்து சும்மா கூடிவிட்டது. இரண்டு சுற்றிலும் இருந்தவர்களை மட்டுமே ஒப்பிட்டு, விலகியவர்கள் எத்தனை பேர், எந்த அளவில் தொடங்கினார்கள், ஏன் விலகினார்கள் என்பதைத் தனியாக எழுதுங்கள். மேலே உள்ள கணக்கில் விலகியவர்கள்தான் அதிகம் தடுமாறியவர்கள். அப்படி வந்தால் வகுப்பு யாருக்குத் தேவையோ அவர்களையே இழக்கிறது என்று பொருள். எந்தச் சராசரியையும்விட அறநிதிக்கும் உங்களுக்கும் முக்கியமான செய்தி அதுதான்.

பிள்ளைகளின் விவரங்களைப் பற்றி இரண்டு வரி. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி எதற்காகச் சேகரிக்கிறீர்கள் என்று சொல்லிப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வாங்குங்கள். அடையாள அட்டை எண்ணையும் பிறப்புச் சான்றிதழ் எண்ணையும் கேட்காதீர்கள். சட்டத்தேவை போன்ற காரணமின்றி அவற்றை அமைப்புகள் சேகரிப்பதற்கு 2019 செப்டம்பர் முதல் கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, பெயரோடு பொருத்தும் தாளை வேறு இடத்தில் வையுங்கள். அறநிதிக்குப் போகும் அட்டவணையில் பெயர் வேண்டியதில்லை.

லாஜிக் மாடலின் அடியில் அனுமானங்கள் என்று ஒரு வரி இருக்கும், பலர் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். உங்கள் திட்டத்தில் பெரிய அனுமானம், ஆறு தொண்டூழியர்களும் ஆண்டு முழுக்க வருவார்கள் என்பது. தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் தங்கள் தேர்வு மாதங்களில் வரமாட்டார்கள். இருவர் குறைந்தால் ஒருவருக்கு நான்கு பிள்ளை என்பது ஆறாகிவிடும், தொண்டூழியர் கேட்டுத் திருத்தும் வாசிப்பு நிமிடமும் அதே விகிதத்தில் சரியும். மாற்றாள் இருவரைச் சேர்த்து எட்டுப் பேராக எழுதிக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளோடு தொண்டூழியர்களின் வருகையையும் குறியுங்கள். பின்னால் ஒரு குழு மட்டும் வளரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் அது.

இலக்கு என்ன எழுதுவது என்று தயங்குவீர்கள். முதல் ஆண்டில் விளைவுக்கு எண் இலக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதே இன்னும் தெரியாதபோது "30 விழுக்காடு உயர்வு" என்று எழுதினால் அது காற்றில் போட்ட எண். 10 எழுத்து படிக்கும் பிள்ளை 13 படித்தாலும் 30 விழுக்காடுதான் என்பதையும் யோசியுங்கள். வெளியீட்டுக்கு மட்டும் இலக்கு வையுங்கள்: வருகை 75 விழுக்காடு, வாசிப்பு 12 நிமிடம், இரண்டு சுற்றிலும் சோதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 20 பேர். விளைவைப் பற்றி இப்படி எழுதலாம்: "ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளையின் எழுத்து அறிதல், ஒரு நிமிட வாசிப்பு, கேட்டும் படித்தும் புரிந்துகொள்ளல் ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றத்தைச் சராசரியோடும், உயர்ந்தவர், மாறாதவர், குறைந்தவர் எண்ணிக்கையோடும் தெரிவிப்போம். இந்த மாற்றத்தில் எவ்வளவு வகுப்பினால் வந்தது என்பதை ஒப்பீட்டுக் குழு இருந்தால் மட்டுமே மதிப்பிடுவோம். இரண்டாம் ஆண்டின் இலக்கை இந்த எண்களிலிருந்து வகுப்போம்." அறநிதி கட்டாயம் ஓர் எண் வேண்டும் என்று கேட்டால், தொடக்கச் சுற்று முடிந்து இரண்டு வாரத்தில், அதாவது தவணை 1இன் ஐந்தாம் வாரத்தில், எண்ணோடு வருகிறோம் என்று நேரம் கேளுங்கள்.